சமையல் அக்காவுக்கு 100-க்கு 62 மார்க்: சம்பள உயர்வை இப்படி முடிவு செய்யலாமா?

மடிப்பாக்கம் தேவி:
எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா 2022 ஏப்ரலில் 7,000 ரூபாய்க்குச் சேர்ந்தார். அடுத்த இரண்டு சித்திரைக்கும் 500, 500 கூட்டினோம். இப்போது 8,000. இந்த வருடம், 2025-இல், என் கணவர் ஆபீஸில் செய்வது போல ருசி, நேரம், லீவு, சுத்தம், சிக்கனம் என்று ஐந்து தலைப்பு எழுதி மார்க் போட்டார். 62 வந்தது. அதனால் 5 சதவீதம், அதாவது 400 ரூபாய் போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எங்கே தப்பு என்று சொல்லவும் தெரியவில்லை. நியாயமாக எப்படி முடிவு செய்வது?

வேளச்சேரி பாலா:
உங்கள் கணவர் செய்தது சரிதான். முக்கால்வாசி வீடுகளில் என்ன நடக்கிறது? கேட்டால் கூட்டுவார்கள், கேட்காவிட்டால் இல்லை. நன்றாக வேலை செய்கிறவருக்கும் ஏனோதானோ என்று செய்கிறவருக்கும் ஒரே 500. எழுதி வைத்து மார்க் போடுவது அதைவிட எவ்வளவோ மேல். நான் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு வருடா வருடம் மதிப்பீடு எழுதுகிறேன். நன்றாகச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே உயர்வு கொடுத்தால் நல்லவர்தான் முதலில் வேலையை விட்டுப் போவார். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: லீவு எத்தனை நாள்? எங்கள் வீட்டில் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

பழைய கணக்கு:
பெரம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் முப்பது வருடம் இருந்தேன். வீட்டில் இருபது வருடமாகச் சமையலுக்கு ஆள் உண்டு. மார்க்கைப் பற்றி அப்புறம் பேசலாம். அம்மா, முதலில் நாலு விஷயம் சொல்லுங்கள்.

சேரும்போது எத்தனை பேருக்கு, எத்தனை வேளை, எந்நேரம் முதல் எந்நேரம் வரை என்று பேசினீர்கள்? அந்த வேலை இன்றைக்கும் அதேதானா? லீவு எடுத்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தீர்களா? அந்த 62 மார்க்கில் குறைந்தவற்றை, குறை நடந்த அன்றே அவரிடம் சொன்னீர்களா?

இது தெரியாமல் 400 சரியா தப்பா என்று யாரும் சொல்ல முடியாது.

திருச்சி ராதா:
எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். டிரைவர் தம்பி ஐந்து வருடமாக இருக்கிறார். போன மாதம் பின்பக்கம் எடுக்கும்போது கதவில் கீறல். பெயின்ட் வேலைக்கு 6,000 ரூபாய் ஆனது. இந்த வருடம் உயர்வு கிடையாது, கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லிவிட்டோம். அவரும் ஒன்றும் பேசவில்லை. ஆள் எடுக்கும்போதே இதையெல்லாம் பேசிவிட வேண்டும். நீங்கள் புது ஆள் வைக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் தேவி.

பழைய கணக்கு:
ராதாம்மா, தேவி புது ஆள் வைக்கப் போவதில்லை, இருக்கிற ஆளைப் பற்றித்தான் கேட்கிறார். ஆனாலும் உங்கள் கணக்கு நேராகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கீறல் ஒரு தடவை வந்த செலவு. சம்பள உயர்வு மாதாமாதம் போவது. இந்த வருடம் 1,000 ரூபாய் கூட்டியிருப்பீர்கள் என்று வையுங்கள். அதை நிறுத்தினால் ஆறே மாதத்தில் உங்கள் 6,000 வந்துவிடும். ஏழாவது மாதம் முதல் அந்தக் கீறலுக்கு அவர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த வருட உயர்வும் குறைந்த சம்பளத்திலிருந்துதான் தொடங்கும். ஐந்து வருடத்தில் ஒரு கீறல் என்றால் அது நல்ல டிரைவர் என்பதற்குச் சாட்சி. காருக்கு இன்சூரன்ஸ் கட்டுவதே இதற்குத்தானே?

திருச்சி ராதா:
ஏழாவது மாதம் என்று நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. வீட்டுக்காரரிடம் காட்டுகிறேன்.

மடிப்பாக்கம் தேவி:
பழைய கணக்கு சார், உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதுகிறேன்.

சேரும்போது பேசியது: நாங்கள் நாலு பேர். காலை ஆறரை முதல் எட்டரை வரை, டிபனும் மதியச் சாப்பாடும். ஞாயிறு விடுமுறை. 2024 ஜூனில் மாமியார் எங்களோடு வந்துவிட்டார். அவருக்கு ரத்தக்கொதிப்பு, உப்பு கூடாது. அதனால் காலையில் கால் மணி கூடுகிறது. செப்டம்பரிலிருந்து சாயங்காலமும் வந்து சப்பாத்தியும் ஒரு கூட்டும் செய்துவிட்டுப் போகிறார், அரை மணி ஆகும். "எதிர் வீட்டுக்கு வருகிறீர்களே, அப்படியே ஒரு எட்டு வந்துவிடுங்கள் அக்கா" என்று நான்தான் கேட்டேன். அதற்குத் தனியாகப் பணம் பேசவில்லை. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

லீவு போன வருடம் 27 நாள். அதில் 11 நாள் மகளின் பிரசவத்துக்கு, அதற்குச் சம்பளம் பிடித்தோம். காய்ச்சல் 6 நாள், பொங்கலுக்கு ஊர் 3 நாள். மீதி 7-இல் நாலு நாள் சொல்லாமலே வரவில்லை.

குறைகள்: சாம்பாரில் சில நாள் உப்புக் கரிக்கிறது, சில நாள் உப்பே இல்லை. எண்ணெய் மாதம் 4 லிட்டராக இருந்தது 5 ஆகிவிட்டது. உப்பை மட்டும் நான் அன்றன்றே சொல்லியிருக்கிறேன். மற்றது அவருக்கு இன்னும் தெரியாது.

பழைய கணக்கு:
நன்றி அம்மா. தப்பு எங்கே என்று கேட்டீர்கள். மூன்று தனித்தனிக் கேள்விகளை உங்கள் கணவர் ஒரே தாளில் போட்டு ஒரே மார்க்காக ஆக்கிவிட்டார். அதுதான் தப்பு. வேலை எவ்வளவு கூடியது, விலைவாசி எவ்வளவு ஏறியது, ஆள் எப்படிச் செய்கிறார். முதல் இரண்டையும் பார்த்த பிறகுதான் மூன்றாவதைப் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வியை முதலில் கேட்டால் மற்ற இரண்டும் காணாமல் போய்விடும்.

விலைவாசியை முதலில் முடித்துவிடுகிறேன், சுலபமானது. நாட்டின் சில்லறை விலை ஏற்றம் 2022-23-இல் சராசரி 6.7 சதவீதம், அடுத்த வருடம் 5.4, அதற்கடுத்த வருடம் 4.6. 7,000-ஐ இந்த மூன்று படியிலும் ஏற்றினால் 8,230 சொச்சம் வருகிறது. அதாவது, அக்கா 2022-இல் 7,000 கொண்டு வாங்கிய அதே அரிசி பருப்பை இன்று வாங்க 8,230 வேண்டும். நீங்கள் கொடுப்பது 8,000. இரண்டு முறை உயர்வு கொடுத்ததாக நினைத்தீர்கள். அவர் கையில் அது உயர்வாகவே போய்ச் சேரவில்லை.

இனி வேலை. சேர்ந்தபோது நாளுக்கு 2 மணி, மாதம் 26 நாள், ஆக 52 மணி. 7,000-ஐ வகுத்தால் மணிக்கு 135 ரூபாய் அளவில் வருகிறது. இப்போது காலை இரண்டே கால், சாயங்காலம் அரை, மொத்தம் நாளுக்கு இரண்டே முக்கால் மணி. மாதம் 71 மணிக்கு மேல். 8,000-ஐ வகுத்தால் மணிக்கு 112 ரூபாய். மூன்று வருடம் அனுபவம் கூடிய ஆளுக்கு மணிக்கு 23 ரூபாய் குறைத்திருக்கிறீர்கள், அதுவும் விலைவாசி ஏறிய காலத்தில். வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். ஒரு எட்டு, ஒரு எட்டு என்று சேர்ந்தது இது.

2022-இல் நீங்களே ஒப்புக்கொண்ட விகிதத்தை விலைவாசியோடு ஏற்றி, இன்றைய வேலைக்குப் போட்டால் 11,300 வருகிறது. இதில் உயர்வு என்று ஒரு ரூபாய் கூட இல்லை. பழைய பேச்சை அப்படியே இன்றைக்குக் கொண்டுவந்தால் இவ்வளவு. 8,400 என்பது விலைவாசியை ஒருவழியாக எட்டிப் பிடிக்கிறது. மாமியார் சமையலும் சாயங்காலச் சப்பாத்தியும் ஏறக்குறைய இலவசம்.

ஒரு எச்சரிக்கை. அக்காவிடம் மணிக்கணக்கில் பேசாதீர்கள். நம் ஊரில் சமையல் வேலையை 'ஒரு வேளை, இரண்டு வேளை, இத்தனை பேர்' என்றுதான் பேசுவார்கள். மணிக்கு இவ்வளவு என்று ஆரம்பித்தால், கடிகாரத்தைப் பார்த்து வேலை வாங்கப் போகிறீர்கள் என்று பயப்படுவார். மணி உங்கள் அளவுகோல், வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

வேளச்சேரி பாலா:
கணக்கு அழகாக இருக்கிறது சார், ஆனால் தொடக்கமே கேள்விக்குரியது. மணிக்கு 135 என்பது 2022-இல் அதிகமாகக் கொடுத்ததாக ஏன் இருக்கக் கூடாது? 2018-இல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரைதான் வைத்தது. இன்றைக்கு ஏறியிருந்தாலும் தேவி கொடுப்பது அதைவிட மிக அதிகம். அரசு மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வேறு தருகிறது, டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம். 27 நாள் லீவை நீங்கள் தொடவே இல்லை. என் அலுவலகத்தில் சொல்லாமல் நாலு நாள் வராதவருக்கு நான் நல்ல மார்க் போட முடியாது.

பழைய கணக்கு:
அந்த 37, 39 சரிதான் தம்பி. ஆனால் அது இதற்குக் கீழே போகவே கூடாது என்ற தரை. அதைத் தாண்டிவிட்டோம் என்பதால் நியாயம் ஆகிவிடாது. இன்னொன்று, எட்டு மணி நேரமும் ஒரே இடத்தில் வேலை செய்கிறவருக்கும் நாலு வீடு ஏறி இறங்குகிறவருக்கும் மணிக்கூலியை ஒன்றாக வைக்க முடியாது. காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில்தான் ஊரில் எல்லா வீட்டுக்கும் சமையல் வேண்டும். அந்த இரண்டு மணியை உங்களுக்குக் கொடுத்துவிட்டால் அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. அந்த நேரத்தின் விலைதான் 135. 2022-இல் யாரும் தேவியை மிரட்டி அதை வாங்கவில்லை, இருவரும் பேசி ஒப்புக்கொண்ட விலை.

உரிமைத் தொகையை அரசு குடும்பத் தலைவிக்குக் கொடுக்கிறது, முதலாளிக்குக் கொடுக்கவில்லை. அதைச் சம்பளத்தில் கழித்தால் அந்த ஆயிரம் சுற்றி வந்து நம் வீட்டுக்குள் நுழைகிறது.

லீவுக்கு வருகிறேன். 11 நாளுக்குச் சம்பளம் பிடித்தாயிற்று. பிடித்த பிறகு அதற்காக மார்க்கும் குறைத்தால் ஒரே லீவுக்கு இரண்டு தடவை தண்டனை. காய்ச்சலோடு வந்து சமைத்தால் ரத்தக்கொதிப்பு உள்ள பெரியவருக்குத்தான் ஆபத்து. ஆக, பேச வேண்டியது சொல்லாமல் நின்ற நாலு நாள் மட்டும். அது நிஜமான குறை, நான் மறுக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு லீவு என்று பேசியிருக்கிறார்களா? இல்லை. எல்லையே போடாத இடத்தில் எல்லை தாண்டினார் என்று எப்படிச் சொல்வது?

சமையல்காரம்மா மகன்:
இத்தனை நாள் படித்துவிட்டுப் போவேன், இன்று எழுதத் தோன்றுகிறது. என் அம்மா மயிலாப்பூர்ப் பக்கம் வீடுகளில் சமைத்துத்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். மூன்று வருடம் முன்பு முட்டி வலியால் நிறுத்திவிட்டார்.

பாலா அண்ணா, உங்கள் அலுவலகத்தில் மதிப்பீடு எழுதினால் அவரவரிடம் காட்டுவீர்கள், மறுத்துப் பேச இடம் உண்டு. என் அம்மாவுக்கு ஒரு வீட்டில் மார்க் போட்டார்கள் என்பதே அந்த வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது. "எண்ணெய் அதிகம் விடுகிறாள்" என்று இரண்டு வருடம் உயர்வைக் குறைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நாளே குறைத்திருப்பார். அந்த வீட்டு ஐயாதான் வதக்கலில் எண்ணெய் மிதக்க வேண்டும் என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

தேவி அக்கா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் அவர் "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்பார். என் அம்மாவும் எல்லா வீட்டிலும் அதையேதான் சொல்வார். அதைத் திருப்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டால் எங்கே வேலையை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அது. அன்றைக்கு இரவு அம்மா எங்களிடம் சொல்லும் தொகை வேறாக இருக்கும். அதனால் தொகையைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டால் பேசுவார்.

தீபாவளிக்குக் கொடுப்பதை இதில் சேர்க்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். புடவையும் போனஸும் அந்த மாதத்தோடு முடியும். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டும்போது கையில் இருப்பது சம்பளம்தான்.

எட்டாவது மாடி:
எங்கள் அடுக்ககத்தில் நான் செயலர். யாரும் சொல்லாததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வீட்டில் 8,000-ஐ 11,300 ஆக்கினால் செய்தி அன்று மாலையே எல்லா மாடிக்கும் போய்விடும். என் குடியிருப்பில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். சம்பளம் வாங்கும் இளம் தம்பதிகள் ஏற்றிக்கொண்டே போனால் எண்பது வயதுப் பெரியவர்கள் சமையலுக்கு ஆள் இல்லாமல் நிற்பார்கள். அதனால்தான் நாங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசி ஒரு வேளைக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டோம். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி, வருடத்துக்கு 5 சதவீதம். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

சமையல்காரம்மா மகன்:
யாருக்கும் மனக்கசப்பு இல்லை என்கிறீர்கள் அம்மா. அந்த வாட்ஸ்அப் குழுவில் சமைக்கிறவர் ஒருவராவது இருக்கிறாரா? வாங்குகிறவர்கள் மட்டும் கூடி விலை வைத்தால் கடைக்காரர் ஒப்புக்கொள்வாரா? இரண்டு பேர் இருக்கிற வீடும் ஆறு பேர் இருக்கிற வீடும் ஒரே விலை என்றால், ஆறு பேர் வீட்டுக்குச் சமைக்கிறவர்தான் மற்ற வீடுகளின் சிக்கனத்துக்குப் பணம் கட்டுகிறார்.

பழைய கணக்கு:
செயலர் அம்மா, பெரியவர்கள் கவலை உண்மைதான். ஆனால் மத்திய அரசு ஓய்வூதியக்காரர்களுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் விலைவாசியைப் பார்த்து அகவிலைப்படி ஏறுகிறதே. அந்தப் படியில் ஒரு பங்கு சமையலறைக்கும் போகத்தானே வேண்டும்?

எட்டாவது மாடி:
எல்லாரும் மத்திய அரசு ஊழியர்களா சார்? என் பக்கத்து வீட்டுக்காரர் தனியார் கம்பெனியில் இருந்தவர். பி.எஃப். ஓய்வூதியத்தில் அகவிலைப்படி என்ற பேச்சே கிடையாது. அதில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தது, இன்னும் அதே 1,000. வங்கி வட்டியில் சாப்பிடுகிறவர் 40 சதவீதம் ஏற்றி எப்படிக் கொடுப்பார்? அவருக்கும் சமைத்துப் போட ஆள் வேண்டும்.

பழைய கணக்கு:
பி.எஃப். ஓய்வூதியம் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கொடுக்க முடியாத வீடு விலையைக் குறைப்பதற்குப் பதில் வேலையைக் குறைக்கலாம் என்பது வரைதான் தெரியும். தினமும் டிபனும் சாப்பாடும் என்பதை மதியச் சாப்பாடு மட்டும் என்றாக்கினால் அந்த நேரத்துக்கு அவர் இன்னொரு வீடு பிடிப்பார். வேலை அப்படியே இருக்க, கூலி மட்டும் தேய்வதுதான் என்னால் ஏற்க முடியாதது. தேவி வீடு அந்த நிலையில் இல்லை. வசதி இருக்கிற வீடுகள் வசதி இல்லாத வீட்டைக் காட்டி விலையைப் பிடித்து வைப்பது சரியாகப் படவில்லை.

எட்டாவது மாடி:
சொல்வது எளிது. மாடியில் தினமும் பதில் சொல்கிறவள் நான்.

வேளச்சேரி பாலா:
சரி, ஒரு விஷயத்தில் பின்வாங்குகிறேன். வேலை கூடியதற்குத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும், அதை மதிப்பீட்டில் கலக்கக் கூடாது. ஆனால் உங்கள் மூன்றாவது கேள்வியை நீங்கள் இன்னும் தொடவில்லை சார். ஆள் நிஜமாகவே சரியில்லை என்றால்? இரண்டு வருடம் முன்பு எங்கள் வீட்டில் இருந்தவர் மாவைப் பிரிட்ஜில் வைக்க மறந்து புளிக்க விடுவார். அடுப்பைச் சிம்மில் மறந்துவிட்டுப் போனது இரண்டு தடவை. அவருக்கும் விலைவாசிப்படி ஏற்ற வேண்டுமா?

பழைய கணக்கு:
வேண்டும் தம்பி. விலைவாசிக்காக ஏற்றுவதைப் பரிசு என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. அதை நிறுத்தினால் சம்பளத்தைக் குறைத்ததாகத்தான் பொருள். அடுப்பை மறந்துவிட்டுப் போகிறவருக்குச் சம்பளத்தைக் குறைத்தால் அடுப்பு அணைந்துவிடுமா? அது பணத்தால் தீர்கிற விஷயமே இல்லை, அன்றைக்கே பேச வேண்டியது.

என் வீட்டில் ஒருமுறை இப்படித்தான். கிளம்பும்போது சிலிண்டர் வால்வை மூடுங்கள், மாவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், இந்த இரண்டு மட்டும்தான் என்று சொன்னேன். பத்துக் குறையை ஒரே நாளில் கொட்டினால் எதுவும் மனதில் நிற்காது. மூன்று மாதம் பார்த்தேன். மாவு சரியானது, வால்வு சரியாகவில்லை. ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லி, அந்த மாதச் சம்பளத்தோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஏற்ற வேண்டியதை ஏற்றித்தான் கொடுத்தேன்.

ஆக, மூன்றாவது கேள்வி இரண்டு விஷயத்துக்குத்தான் உதவும். ஆளை வைத்துக்கொள்வதா என்பது ஒன்று. விலைவாசிக்கும் வேலைக்கும் மேலே கொஞ்சம் சேர்ப்பதா என்பது இன்னொன்று. அந்த மேல் தொகையில் உங்கள் மார்க் தாள் விளையாடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தந்த நாளில் சொல்லாத எதையும் வருடக் கடைசியில் தாளில் ஏற்றக் கூடாது.

தேவி அம்மா, ஒன்று கேட்க மறந்தேன். அந்த உப்பு எப்போதிலிருந்து?

மடிப்பாக்கம் தேவி:
சார், நீங்கள் கேட்டதும்தான் யோசித்தேன். போன ஜூனுக்கு முன்னால் ஒரு நாள் கூட உப்பில் குறை சொன்னதாக நினைவில்லை. இன்று காலை சமையலறையிலேயே நின்று பார்த்தேன். அக்கா சாம்பாரை உப்பில்லாமல் கொதிக்க விட்டு, மாமியாருக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைக்கிறார். அப்புறம் மீதிக்குக் கண்ணளவில் உப்பு. மாமியார் ஒரு நாள் இரண்டு கரண்டி போதும் என்பார், ஒரு நாள் கிண்ணம் நிறைய வை என்பார். மீதி எவ்வளவு என்பது தினமும் மாறுகிறது, கை மட்டும் பழைய அளவிலேயே போகிறது. காயும் உப்பில்லாமல் வெந்துவிடுவதால் உள்ளே ஏறுவதில்லை.

நாங்கள் கொடுத்த வேலையால் வந்த குறைக்கு நாங்களே மார்க் குறைத்திருக்கிறோம். இனிமேல் மாமியாருக்கு எப்போதும் மூன்று கரண்டி என்று வைத்துவிட்டோம். எண்ணெயும் அப்படித்தான், சப்பாத்தி தொடங்கிய மாதத்திலிருந்துதான் ஒரு லிட்டர் கூடியிருக்கிறது. மளிகைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன்.

வேளச்சேரி பாலா:
உப்பு விஷயத்தில் நான் அடித்துச் சொல்லியிருப்பேன், கவனக்குறைவு என்று. சரி. ஆனால் சொல்லாமல் நின்ற நாலு நாள் இன்னும் நாலு நாள்தான். அதை விட்டுவிடாதீர்கள்.

மடிப்பாக்கம் தேவி:
சனிக்கிழமை வேலை முடிந்ததும் அக்காவுக்குக் காபி கொடுத்து உட்காரச் சொல்லிப் பேசினேன். கணவரையும் உட்கார வைத்தேன்.

தம்பி சொன்னது அப்படியே நடந்தது. எவ்வளவு ஏற்றலாம் என்று என் கணவர் கேட்டார். "நீங்களே பார்த்துச் செய்யுங்க சார்" என்றார், தலையை நிமிரவே இல்லை. அப்புறம் நான், சாயங்காலம் வந்து போவது சிரமமாக இருக்கா அக்கா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிடுகிறதாம். எங்களுக்குச் சூடாக வேண்டும் என்று ஆறு மணிக்கு வரச் சொன்னோம் அல்லவா, அந்த ஒரு மணி நேரம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் படியில் உட்கார்ந்திருக்கிறார். செப்டம்பரிலிருந்து தினமும். மழை நாளில் எதிர் வீட்டு கார் ஷெட்டில் நின்றிருக்கிறார். அவர் வீட்டுக்குப் போகும்போது ஏழு மணி, பேரக்குழந்தை தூங்கிவிடுகிறதாம்.

சொல்லாமல் வராத நாலு நாளைப் பற்றியும் கேட்டேன் பாலா சார். இரண்டு நாள் போனில் பணம் இல்லை. மற்ற இரண்டு நாள் சொன்னால் நான் கோபிப்பேன் என்று பயந்ததாகச் சொன்னார். வருடத்துக்கு 15 நாள் சம்பளத்தோடு லீவு, முதல் நாள் இரவுக்குள் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என்று பேசியிருக்கிறோம். சமையலறைத் தினசரிக் காலண்டரில் இருவரும் குறித்து வைப்பதாக ஏற்பாடு.

சம்பளத்தில் என் கணவர் 10,500-க்கு வந்திருக்கிறார், இந்த மாதத்திலிருந்தே. மீதி 800 ஆறு மாதம் பார்த்துவிட்டு என்கிறார். நான் இப்போதே கொடுக்க வேண்டும் என்கிறேன்.

பழைய கணக்கு:
கோயில் படியில் உட்காரும் ஒரு மணி என் கணக்கில் இல்லை அம்மா. அதையும் சேர்த்தால் 11,300 போதாது. அந்தக் காத்திருப்பை முதலில் எடுத்துவிடுங்கள். 800-க்கு ஆறு மாதம் என்றால், இந்தத் தேதி என்று அதே காலண்டரில் எழுதி, அக்கா முன்னால் எழுதச் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று விட்டால் அடுத்த சித்திரைக்குத்தான் நினைவு வரும்.

வேளச்சேரி பாலா:
ஆறு மாதம் பார்ப்பதில் தவறில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் எதைப் பார்க்கப் போகிறார் என்று அவரிடமே முதலில் சொல்லிவிடுங்கள். என் வீட்டுச் சமையல் அக்காவிடம் இந்த வாரம் நானும் வேலையைக் கேட்கப் போகிறேன்.

மடிப்பாக்கம் தேவி:
நேற்றிலிருந்து ஐந்து மணிக்கே வந்துவிடச் சொன்னோம். சப்பாத்தியை ஹாட்பாக்ஸில் வைத்துவிடுகிறார். மாமியார் ஏழு மணிக்குச் சாப்பிட்டார், சூடு போதும் என்றார். அக்கா ஐந்து நாற்பதுக்குக் கிளம்பிவிட்டார். 800-க்குத் தேதி எழுதுவது பற்றி என் கணவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. இன்றிரவு இந்தத் திரியை முழுவதும் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.